பீலிக்குப் பின்னால் ஓடும் மழைத்தண்ணீர்: வன்னி வீடுகளின் தாவாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் கூரை வேலைக்குப் போகும்போது பலர் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கட்டப்பட்ட, ஏறக்குறைய 550 சதுர அடி வீடுகளை மனதில் வைத்தே எழுதுகிறேன். கைமரங்களின் நுனியை மறைத்து அடிக்கும் பலகையைச் சிலர் முகப்புப் பலகை என்பார்கள், தச்சர்கள் வலன்ஸ் போட் என்பார்கள். இங்கே வெறுமனே பலகை என்றால் அதுதான்.

சின்னத் தூறலுக்குச் சுவர் நனையுது, பெரிய மழைக்கு அவ்வளவு நனையிறதில்லை. இது என்ன கூத்து?

கூத்தில்லை, தண்ணீரின் குணம். பெரிய மழையில் கூரையால் வரும் தண்ணீருக்கு வேகம் இருக்கும். விளிம்பை விட்டதும் முன்னால் பாய்ந்து பீலிக்குள் விழும். தூறல் தண்ணீர் மெதுவாக வரும். விளிம்புக்கு வந்ததும் துள்ளி விழ அதற்கு வலு இல்லை. சீற்றின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, விளிம்பைச் சுற்றி உள்ளே திரும்பிவிடும். செம்பிலிருந்து தண்ணீரை மெதுவாக ஊற்றினால் வாயால் விழாமல் செம்பின் வயிற்றோடு வழிந்து கையை நனைக்குமே, அதேதான் இது.

உள்ளே திரும்பிய தண்ணீர் எங்கேயாவது இறங்கத்தானே வேண்டும்? சீற்றுக்குக் கீழே முதலில் இருப்பது பலகையின் மேல் விளிம்பு. அதில் இறங்கி, பலகையின் முகத்தோடு பீலிக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்கால் வழியும். பிறகு பலகையின் அடியால் சுவருக்குப் போகும். பீலி காய்ந்தே இருக்கும், அதற்குப் பின்னால் தண்ணீர் ஓடும்.

கூரைச் சரிவு குறைவாக இருந்தால் இது கூடும். சீற்றின் விளிம்பில் பாசி பிடித்திருந்தாலும் கூடும், ஏனென்றால் பாசி தண்ணீரைப் பஞ்சு மாதிரிப் பிடித்து வைத்திருக்கும். மாரியில் வாடைக்காற்று அடிக்கும் வடகிழக்குப் பக்கத் தாவாரத்தில் காற்றும் சேர்ந்து தண்ணீரை உள்ளே தள்ளும். ஒரே வீட்டில் ஒரு பக்கச் சுவர் மட்டும் பச்சையாகிப் போவதற்குப் பல தடவை காரணம் இதுதான்.

பீலி ஒழுகுதா, பின்னால ஓடுதா எண்டு எப்படித் தெரியும்?

கீழே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால்தான் நல்ல பீலியைக் கழற்றி எறிந்துவிட்டு, புதுப் பீலி போட்டும் அதே இடம் நனையுது என்று வருகிறார்கள்.

நான் செய்வது மிகச் சின்னப் பரிசோதனை. வெயில் நாளில் பலகை நன்றாகக் காய்ந்திருக்கும்போது ஏணியில் ஏறி, பீலிக்கு மேலே தெரியும் பலகை முகத்திலும் பீலிக்குக் கீழே தெரியும் பலகை முகத்திலும் சோக்குக் கட்டியைப் படுக்கையாகப் பிடித்துத் தேய்த்து விடுங்கள். வெள்ளைப் பலகை என்றால் கரித்துண்டு எடுக்கலாம். பிறகு இன்னொருவர் பூவாளியில் ஐந்து லீற்றர் தண்ணீர் எடுத்து, விளிம்பிலிருந்து மூன்று அடி மேலே, மெதுவாகச் சீற்றில் விடட்டும். வாளியால் அள்ளி ஊற்றவேண்டாம். அது பெரிய மழை மாதிரிப் பாய்ந்துவிடும், குற்றம் வெளியே வராது.

மேலே பூசிய சோக்கில் கோடு கோடாகத் தண்ணீர் இறங்கியிருந்தால், தண்ணீர் சீற்றின் அடியால் திரும்பி வந்திருக்கிறது. மேலே உள்ள சோக்கு அப்படியே இருந்து, கீழே ஓரிரு இடத்தில் மட்டும் கரைந்திருந்தால், அந்த இடத்துக்கு நேர் மேலே பாருங்கள். பீலி மூட்டு இருக்கும், அல்லது பிரக்கற் பூட்டிய திருகாணி இருக்கும். அது பீலியின் ஒழுக்கு. இரண்டுமில்லாமல் பலகை முழுக்க நீளமாக ஒரே மாதிரி நனைந்திருந்தால் பீலி நிரம்பிப் பின்பக்கமாக வழிகிறது. வேப்பஞ்சருகு அடைத்திருக்கலாம், அல்லது பீலியின் பின் விளிம்பு முன் விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கலாம். பின் விளிம்பு எப்போதும் கொஞ்சம் உயர்ந்தே இருக்கவேண்டும். அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் முற்றத்தில் விழும், சுவரில் விழாது.

சீற் விளிம்பு பீலிக்குள்ள எவ்வளவு வரவேணும்?

பலகை முகத்திலிருந்து இரண்டு அங்குலம். நம் பக்கம் கூடுதலாகப் பூட்டும் நாலரை அங்குல அரைவட்டப் பீலிக்கு இது சரியாக வரும். விளிம்பு பீலியின் நடுவைத் தாண்டக்கூடாது. தாண்டினால் பெரிய மழையில் தண்ணீர் பீலிக்கு மேலாகப் பாய்ந்து முற்றத்துக்குப் போய்விடும், சருகு அள்ளக் கையும் உள்ளே போகாது.

பிரச்சினை உள்ள வீடுகளில் நான் காண்பது அரை அங்குலம், முக்கால் அங்குலம். கூரை போட்ட காலத்தில் பீலி போடும் எண்ணமே இருந்திருக்காது. பிறகு மழைநீர்த் தொட்டி வந்தது, தொட்டிக்காகப் பீலி வந்தது. விளிம்பை யாரும் கவனிக்கவில்லை.

சீற்றைக் கீழே இழுத்து விடலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். மேல் வரிசைச் சீற் கீழ் வரிசைக்கு மேல் ஆறு அங்குலமாவது ஏறியிருக்கவேண்டும். இழுத்தால் அந்த ஏற்றம் குறையும், பழைய துளைகள் மரத்தை விட்டு விலகும், பழைய அஸ்பெஸ்டஸ் என்றால் வெடித்தும் போகும். ஒரு ஒழுக்கை மாற்றப் போய் வீட்டுக்குள் ஒழுக்கைக் கொண்டுவந்த கதையாகும். குறைந்த விளிம்பை ஈடு செய்யத்தான் சொட்டுத் தகடு இருக்கிறது.

அந்தத் தகட்டை எப்படி வளைக்கச் சொல்லவேணும்?

கடைகளில் பிளாஷிங் என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். ஆனால் முகட்டுக்குப் போடுவதை எடுத்துத் தந்துவிடுவார்கள், ஆகவே படம் கீறிக் கொண்டு போங்கள். ஆறு அங்குல அகலமான தட்டைத் தகடு, இரண்டு வளைவு. மூன்றரை அங்குலம் சீற்றுக்கு அடியில் பலகைக்கு மேலாக உள்ளே போகும். இரண்டு அங்குலம் கீழே இறங்கும். கடைசி அரை அங்குலம் வெளிப்பக்கமாக, பாவாடை ஓரம் மாதிரி விரிந்து நிற்கும்.

முதல் வளைவைக் கூர்ச் செங்கோணமாக மடிக்கவேண்டாம். கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். அப்போதுதான் இறங்கும் கால் பலகையோடு ஒட்டாமல் முன்னுக்கு வந்து, பீலியின் பின் விளிம்பைத் தாண்டி உள்ளே நிற்கும். மேலே உள்ள மூன்றரை அங்குலமும் கூரைச் சரிவோடு வெளியே சரிந்திருக்கவேண்டும். உள்ளே சரிந்தால் தண்ணீரை நாமே வீட்டுக்குள் அனுப்புகிறோம்.

அந்த அரை அங்குல விரிவை மட்டும் விட்டுவிடச் சொல்லாதீர்கள். நேராக முடியும் தகட்டில் தண்ணீர் மறுபடி விளிம்பைச் சுற்றித் திரும்பும். விரிவு இருந்தால் துளி நுனிக்கு வந்து, சுற்றிப் போக மேலே ஏறவேண்டியிருக்கும். ஏற முடியாமல் விழுந்துவிடும். தகட்டின் வேலை முழுக்க அந்த அரை அங்குலத்தில்தான்.

28 அடித் தாவாரத்துக்கு எவ்வளவு தகடு, என்ன ஒழுங்கில பூட்டுறது?

புதுக்குடியிருப்புப் பக்கம் என் சின்னம்மா வீட்டுக்குச் செய்த கணக்கையே சொல்கிறேன். அஸ்பெஸ்டஸ் கூரை, இரண்டு பக்கச் சரிவு, ஒவ்வொரு பக்கத் தாவாரமும் 28 அடி. சீற் விளிம்பு பலகையைத் தாண்டி முக்கால் அங்குலம்தான் வந்திருந்தது. வாடைப் பக்கச் சுவரில் யன்னலுக்கு மேலே ஒரு பச்சைப் பட்டை. ஆனால் தொட்டி நிரம்பவில்லை என்பதுதான் சின்னம்மாவின் முறைப்பாடு. ஒரு பக்கக் கூரை 28 அடி நீளம், 14 அடி அகலம், அதாவது கிட்டத்தட்ட 36 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். ஒரு நாள் முழுக்கத் தூறி 20 மில்லிமீற்றர் பெய்திருந்தாலும் அந்தப் பக்கத்தில் மட்டும் 720 லீற்றர் வந்திருக்கவேண்டும். அதில் பெரும் பங்கு சுவரோடு போய்க்கொண்டிருந்தது.

தகடு: எட்டு அடிக்கு நாலு அடி தட்டைத் தகடு ஒன்று. அதை ஆறு அங்குல அகலத்தில் வெட்டினால் எட்டு அடி நீளத்தில் எட்டுத் துண்டு வரும். ஒரு பக்கத்துக்கு நாலு துண்டு, மொத்தம் 32 அடி. மூன்று மூட்டுக்கும் நாலு அங்குலம் வீதம் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றினால் ஒரு அடி போகும், மீதி 31 அடி. 28 அடிக்குத் தாராளம். ஆக ஒரு தகடு இரண்டு பக்கத்துக்கும் சரி.

பிறகு பீலியின் சரிவு. கூடச் சரித்தால் நல்லது என்று நினைப்பார்கள், ஆனால் சரிவு கூடினால் தொட்டிப் பக்க நுனியில் பீலி தகட்டை விட்டுக் கீழே போய்விடும். 28 அடிக்கு ஒரு அங்குலச் சரிவு கொடுத்தோம். உயர்ந்த நுனியில் பீலியின் பின் விளிம்பு பலகையின் மேலிருந்து அரை அங்குலம் கீழே. தாழ்ந்த நுனியில் ஒன்றரை அங்குலம் கீழே. தகடு இறங்குவது இரண்டு அங்குலம். ஆகவே தாழ்ந்த நுனியிலும் தகடு பீலிக்குள் அரை அங்குலம் நிற்கிறது. இந்தக் கழித்தலை வேலை தொடங்க முதல் பென்சிலால் பலகையிலேயே எழுதிக்கொண்டால் பிறகு தலையிடி இல்லை. இரண்டு நுனியிலும் ஆணி அடித்து நூல் கட்டி, அந்த நூலில் பிரக்கற்றுகளைப் பூட்டினோம். இரண்டு அடிக்கு ஒன்று வீதம். இடைவெளி கூடினால் பி.வி.சி. பீலி வெயிலில் தொய்ந்து, தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும்.

ஒழுங்கு இதுதான்: முதலில் பீலி, அதற்குப் பிறகு தகடு. தகட்டை வாடை வராத நுனியிலிருந்து தொடங்கி, அடுத்த துண்டை முந்தியதன் மேல் ஏற்றினோம், மூட்டின் வாய் காற்றுக்கு எதிராக நிற்கக்கூடாது என்பதற்காக. சீற்றின் அடியில் தகட்டைத் தள்ளும்போது நெளியின் பள்ளங்கள் பலகையில் இறுகியிருந்த இடங்களில் போக மறுத்தது. சீற்றைத் தூக்கவில்லை, பலகையின் மேல் விளிம்பை உளியால் கொஞ்சம் செதுக்கினோம். வளைவுக்கு அரை அங்குலம் கீழே, ஒன்றரை அடிக்கு ஒன்று வீதம், ரப்பர் வாஷரோடு திருகாணி. அவ்வளவுதான். இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு நாள் வேலை, அதில் அரை நாள் பழைய பிரக்கற் ஆணிகளைப் பிடுங்கப் போனது.

அந்த மாரியின் முதல் தூறலில் சுவர் காய்ந்திருந்தது, ஒரு மூலையைத் தவிர. அங்கே தகட்டை இரண்டு அங்குலம் முன்னதாகவே முடித்திருந்தேன், பலகையின் நுனியும் திறந்திருந்தது. மிஞ்சிய துண்டில் ஒரு சின்ன மடிப்புச் செய்து நுனியை மூடிய பிறகு அதுவும் நின்றது. சின்னம்மா அந்த மூலையை மட்டும்தான் இன்றும் சொல்லிக் காட்டுவா.

தகடும் போட்டாச்சு, இன்னும் பின்னாலதான் ஓடுது. ஏன்?

தகடு பீலிக்குப் பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். பத்தில் ஒன்பது தடவை அப்படித்தான் இருக்கும். பலகையில் தகட்டை அடித்துவிட்டு, அதன் மேல் பிரக்கற்றைப் பூட்டியிருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தண்ணீர் தகட்டில் இறங்கி, தகட்டுக்கும் பீலிக்கும் இடையே அதே பழைய வழியால் போகும். மரத்தில் ஓடியது இப்போது தகரத்தில் ஓடுகிறது.

பலகை, அதன் முன்னே பீலியின் பின்சுவர், அதன் முன்னே தகட்டின் கால். இந்த வரிசை மாறக்கூடாது. தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு வீட்டில் இந்தப் பிழையைச் செய்து, வீட்டுக்காரர் கூப்பிட்டுக் காட்டிய பிறகுதான் விளங்கியது. பிரக்கற் தடுக்கிற இடத்தில் தகட்டைக் கத்தரிக்கோலால் சின்னதாக வெட்டி விடுங்கள். பிரக்கற்றுக்காகத் தகட்டையே பின்னுக்குத் தள்ளவேண்டாம்.

வரிசை சரியாக இருந்தும் ஓடினால் தொட்டிப் பக்க நுனியைப் பாருங்கள். மேலே சொன்ன கழித்தலைச் செய்யாமல் பூட்டியிருந்தால் அங்கே தகட்டின் நுனி பீலி விளிம்புக்கு மேலே நிற்கும். ஒட்டுத் துண்டு அடிப்பதைவிடச் சரிவைக் குறைத்துப் பூட்டுவது நல்லது.

பீலிக்கும் பலகைக்கும் நடுவில சிலிக்கன் அடிச்சா, இல்லாட்டிச் சாந்து பூசினாப் போதாதா?

ஒரு மாரிக்குப் போதும். பீலி வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். 28 அடி பி.வி.சி. பீலி நம் வெயிலில் அசைவதைக் கண்ணாலேயே காணலாம். மரம் அப்படி அசையாது. ஆகவே சிலிக்கன் ஒரு பக்கம் பிய்ந்துவிடும். பிய்ந்த வெடிப்பு மயிர் அளவுதான் இருக்கும், ஆனால் தண்ணீர் உள்ளே போக அது போதும், வெளியே வந்து காயத்தான் போதாது. பலகை முந்தியதைவிட வேகமாக உக்கும்.

சாந்து இன்னும் மோசம். வௌவால், அணில் வராமலிருக்கச் சீற் நெளிக்குள்ளும் ஓட்டு வாய்க்குள்ளும் சாந்து அடைப்பது நம் ஊர் வழக்கம். அந்தச் சாந்து விளிம்புவரை வந்தால் அதுவே தண்ணீரை உறிஞ்சிப் பலகைக்குக் கொடுக்கும். புதுச் சாந்து அலுமினியத்தையும் நாகம் பூசிய தகட்டையும் அரிக்கவும் செய்யும். வௌவால்தான் பிரச்சினை என்றால் நெளிக்குள் கம்பிவலையை மடித்துச் செருகுங்கள். காற்றும் போகும், தண்ணீரும் நிற்காது.

பலகை கொஞ்சம் உக்கிப்போச்சு. அதுக்கு மேலேயே தகட்டை அடிக்கலாமா?

திருப்புளியால் குத்திப் பாருங்கள். மூன்று இடத்தில் குத்தவேண்டும்: மேல் விளிம்பில், இரண்டு பலகை சேரும் மூட்டில், பழைய பிரக்கற் ஆணித் துளையில். நுனி கால் அங்குலத்துக்கு மேல் மெத்தென்று போனால் அந்தத் துண்டை மாற்றவேண்டும். பீலி, அதில் நிற்கும் தண்ணீர், சருகு எல்லாவற்றையும் பிடித்திருப்பது அந்தத் திருகாணிதான், உக்கிய மரத்தில் அது நிற்காது. பலகைக்குப் பின்னால் கைமர நுனியையும் தட்டிப் பாருங்கள். ஈரப் பலகையைக் கறையான் விடாது, அங்கிருந்து கைமரத்துக்கு ஏற அதற்குப் பெரிய தூரமில்லை.

புதுப் பலகை போடும்போது மரம் எது என்பதை எல்லாரும் விசாரிப்பார்கள். தேக்கு நல்லது, முதிரை கிடைத்தால் அதைவிட என்ன வேண்டும். ஆனால் பூச்சை யாரும் விசாரிப்பதில்லை. பலகையைக் கூரையில் ஏற்றிய பிறகு பெயின்ற் அடித்தால் முகம் மட்டும்தான் பூச்சுப் பெறும். முதுகும் மேல் விளிம்பும் வெட்டு நுனியும் பச்சை மரமாகவே இருக்கும், தண்ணீர் வருவதோ அந்த வழிகளால். நிலத்தில் வைத்தே ஆறு பக்கமும் பிறைமர் அடியுங்கள். வெட்டு நுனிக்கு இரண்டு தடவை, ஏனென்றால் அங்கேதான் மரம் குழாய் மாதிரித் தண்ணீர் குடிக்கும்.

மூட்டுக் கைமர நுனியில் வரவேண்டும், நேராக வெட்டாமல் சாய்த்து வெட்டி ஒன்றன் மேல் ஒன்று படுக்கவேண்டும். பலகையின் மேல் விளிம்பைக் கூரைச் சரிவுக்கு இழைத்து, சீற்றிலிருந்து கால் அங்குலம் தாழ்த்திப் பூட்டினால் தகடு தானாகப் போகும். அடி விளிம்பில் கால் அங்குலப் பள்ளம் ஒன்று நீளமாக இழைத்துவிடச் சொல்லுங்கள், அல்லது முன் ஓரம் தாழ இருக்கும்படி சரித்து இழைக்கச் சொல்லுங்கள். மழைச்சாரலில் பலகை நனைந்தாலும் தண்ணீர் அந்த ஓரத்தோடு விழும், அடியால் சுவருக்குப் போகாது.

எங்கட வீடு ஓட்டு வீடு. இதே வேலைதானா?

தகடு அதேதான், வேலை சுகம். கடைசி வரிசை ஓட்டைக் கழற்றித் தகட்டைக் கடைசி ரீப்பைக்கு மேலேயே ஏற்றி ஆணி அடிக்கலாம், பிறகு ஓட்டைப் போடலாம். தகட்டின் மேல் பாகத்தை அதற்கேற்ப ஐந்து, ஆறு அங்குலமாகக் கூட்டி வெட்டிக்கொள்ளுங்கள்.

ஓட்டு வீட்டில் பார்க்கவேண்டியது கடைசி வரிசையின் தலை குனிவு. ஒவ்வொரு வரிசை ஓடும் அதற்குக் கீழ் வரிசை ஓட்டின் மேல் தன் கீழ் நுனியை வைத்திருக்கும். கடைசி வரிசைக்குக் கீழே ஓடு இல்லை. ஆகவே அந்த இடத்தை ஒரு ஓட்டின் தடிப்பு அளவுக்கு உயர்த்தவேண்டும். கடைசி ரீப்பையை உயர்த்தி அடிப்பார்கள், அல்லது பலகையையே அந்த அளவு மேலே ஏற்றி ஓட்டைத் தாங்க வைப்பார்கள். உயர்த்தாவிட்டால் கடைசி ஓடு குனிந்து, மேல் ஓட்டோடு பொருந்தாமல் வாய் திறக்கும், தண்ணீர் அந்த வாயால் உள்ளே போகும். கூட உயர்த்தினாலும் பிழை: ஓடு கிடையாக நிற்கும், தண்ணீர் வேகம் இழந்து அடியால் திரும்பும். முற்றத்தில் நின்று பக்கவாட்டில் பாருங்கள். கடைசி ஓடு மற்ற ஓடுகளோடு ஒரே கோட்டில் தெரிந்தால் சரி.

அப்புறம் குரங்கு. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் ஓட்டு வீட்டுக்காரருக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. கடைசி வரிசை ஓடு ஒவ்வொன்றையும் ரீப்பையோடு கம்பியால் கட்டிவிடுங்கள். தகடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஓடு நகர்ந்தால் பயனில்லை.

கடற்கரைக்குக் கிட்ட இருக்கிறம். தகடு கறள் பிடிக்காதா?

பிடிக்கும். முல்லைத்தீவுக் கரையிலும் மன்னார்ப் பக்கமும் உப்புக்காற்றில் நாகம் பூசிய தகடு வெட்டிய ஓரத்திலிருந்து தின்னத் தொடங்கும். அங்கே அலுமினியத் தகடு எடுங்கள். திருகாணியும் கறள்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். சாதாரண இரும்பு ஆணி அடித்தால் ஆணியைச் சுற்றி அலுமினியம் அரித்துப் போகும், துளை பெரிதாகும்.

நாகத் தகடுதான் கிடைத்தது என்றால் வெட்டு ஓரம் முழுக்க நாகப் பெயின்ற் அடித்துவிட்டுப் பூட்டுங்கள். பூட்டிய பிறகு அந்த ஓரத்துக்குத் தூரிகை போகாது.

தகரக் கூரைக்கும் தகடு வேணுமா? அதுவே தகரந்தானே?

நல்ல கேள்வி. சரிவு போதுமானதாக இருந்து, விளிம்பும் இரண்டு அங்குலம் வந்தால் பெரும்பாலும் தகடு இல்லாமல் சமாளிக்கலாம். சீற்றின் நுனியில், நெளியின் பள்ளங்களை மட்டும், அகன்ற வாய்க் குறட்டால் பிடித்துக் கொஞ்சம் கீழ்ப்பக்கமாக வளைத்து விடுங்கள். அந்த நுனியே சொட்டு விளிம்பாகிவிடும். வளைக்கும்போது பூச்சு வெடிக்காமல் மெதுவாக, இரண்டு மூன்று தடவையில் வளைக்கவேண்டும். அஸ்பெஸ்டஸில் இது முடியாது என்று சொல்லத் தேவையில்லை.

அஸ்பெஸ்டஸ் நுனியை வெட்டி நேராக்கலாமா?

கிரைண்டரால் வெட்டவே கூடாது. அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது, புற்றுநோய்வரை கொண்டுபோகும். உங்களுக்கு மட்டுமல்ல, முற்றத்தில் விளையாடும் பிள்ளைக்கும்தான். தகடு போடும் வேலைக்குச் சீற்றை வெட்டத் தேவையே வராது. நுனி கோணலாக இருந்தால் இருக்கட்டும், தகடு அதை ஈடு செய்யும். கட்டாயம் வெட்டியே ஆகவேண்டும் என்றால் நன்றாக நனைத்துக் கைவாளால், முகமூடியோடு, ஆட்கள் இல்லாத பக்கம். தூசைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டிவிடுங்கள். சீற்றின் மேல் ஏறுவதென்றால் கொளுக்கி ஆணி வரிசையில், அதுவும் பலகை போட்டு மிதியுங்கள். நடுவில் மிதித்தால் சீற்றோடு கீழே வருவீர்கள்.

குசினி கிடுகுக் கூரை. அதுக்கும் பீலி பூட்டலாமா?

வேண்டாம். கிடுகு நுனி ஒவ்வொரு ஓலையிலும் தனித்தனியாகச் சொட்டும், பீலியால் அதைப் பிடிக்க முடியாது. தொட்டித் தண்ணீரும் தேநீர் நிறத்தில் வரும். தாவாரத்தை இன்னொரு ஓலை அளவு இறக்கி விடுங்கள், அது போதும்.

வேலை முடிஞ்சாப் பிறகு சரியாச் செய்திருக்கிறாங்களா எண்டு எப்படிப் பார்க்கிறது?

காசு கொடுக்க முதல் பூவாளியை எடுங்கள். மறுபடி மூன்று அடி மேலே, ஐந்து லீற்றர், மெதுவாக. தொட்டிப் பக்க நுனியில் ஒன்று, நடுவில் ஒன்று, ஒவ்வொரு தகட்டு மூட்டிலும் ஒன்று. ஒருவர் கீழே நின்று பலகையின் அடி விளிம்பைக் கையால் தடவிக்கொண்டு போகட்டும். கண்ணைவிடக் கை முந்தி ஈரத்தைக் கண்டுபிடிக்கும். கை நனைந்தால் அதற்கு நேர் மேலே மூட்டு இருக்கிறதா, பிரக்கற் வெட்டு இருக்கிறதா, தகடு முடிகிற நுனி இருக்கிறதா என்று பாருங்கள். வேலையாள் ஏணியை எடுத்துக்கொண்டு போக முதல் அதைத் திருத்தினால் பத்து நிமிட வேலை.

காற்றோடு தூறும் முதல் நாளில் இன்னொரு தடவை பாருங்கள். 2020 டிசம்பரில் புரெவி வந்த மாதிரியான காற்றுக்கு எந்தத் தகடும் முழுதாக நிற்காது, அந்த நாளில் நனைந்த சுவரை வைத்து வேலையைப் பிழை சொல்லக்கூடாது. சாதாரண வாடையில் நனைந்தால் தாராளமாகச் சொல்லலாம்.